முப்பது பேர், இரண்டு கிலோ, ஒரு சம்பந்தியம்மா

தாய்மாமனுக்குச் செலவு வைக்காத சடங்கு ஏதாவது தமிழ்நாட்டில் உண்டா என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அந்தச் செலவையும் கடைசியில் ஒரு தாய்மாமன் தலையில்தான் கட்டுவார்கள். மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் முன்னோர் விதித்தவை. அந்தப் பட்டியலில் பிறந்தநாள் கேக்கைச் சேர்த்தது என் தங்கை. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். அந்த ஊரில் பேக்கரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அவள் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு கேக் கடலூர் செம்மண்டலத்திலிருந்துதான் போக வேண்டுமாம். "மாமன் வீட்டு கேக்குண்ணே. இங்க வாங்கிட்டா எங்க மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

கேக் வாங்குவது முன்பு சுலபமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஜாப்பூ வைத்த கேக் ஒன்று இருக்கும். அதைக் காட்டினால் கட்டிக் கொடுப்பார்கள். இப்போது கல்லாவில் இருக்கும் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: எத்தனை கிலோ, என்ன ஷேப், பட்டர் க்ரீமா, ஃப்ரெஷ் க்ரீமா, எக்கா, எக்லெஸ்ஸா, மேலே என்ன எழுதணும்? ரேஷன் கார்டு விண்ணப்பத்துக்கே நான் இவ்வளவு யோசித்ததில்லை.

முதல் சிக்கல் எடை. பேக்கரிக்காரர் கிலோவில் விற்கிறார், நாம் தலைக்கணக்கில் கூப்பிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் பாலம் போட வேண்டியது மாமன். ஒரு கிலோ கேக்கை மரியாதையாக வெட்டினால், அதாவது துண்டுக்கு 80 முதல் 100 கிராம் வரும்படி வெட்டினால், பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும். பிறந்தநாள் விழாவில் அவ்வளவு மரியாதை தேவையில்லை. சமோசா, சிப்ஸ், கூல்டிரிங்ஸ் எல்லாம் தட்டில் இருக்கும்போது 60 கிராம் துண்டே போதும். அந்தக் கணக்கில் ஒரு கிலோ பதினைந்து பதினாறு பேருக்கு வரும். தங்கை சொன்ன தலைக்கணக்கு முப்பது. இரண்டு கிலோவை முப்பதால் வகுத்தால் துண்டுக்கு 66 கிராம் வருகிறது. கத்தியில் ஒட்டுவது, அட்டையில் ஒட்டுவது, பிறந்தநாள் குழந்தையின் மூக்கில் சித்தப்பாமார் பூசுவது ஆகிய சேதாரம் போனாலும் அறுபதுக்குக் குறையாது. இரண்டு கிலோ என்று எழுதச் சொன்னேன்.

வட்டமா சதுரமா என்ற கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம். வட்டக் கேக்கை முப்பது பேருக்கு வெட்டுவது கேக் வெட்டுவதில்லை, கோணக்கணக்கு. முதல் நாலு பேருக்குப் பெரிய துண்டு போகும், கடைசியில் வருகிறவருக்கு நுனியில் ஒரு முள் மாதிரி நிற்கும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் மாப்பிள்ளையின் அக்கா புருஷனாக இருப்பார். சதுரத்தில் அந்த வம்பு கிடையாது. ஒரு பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் ஆறு என்று கோடு போட்டால் முப்பது துண்டு. எல்லாம் ஒரே அளவு.

ஆனால் மருமகளுக்குப் பொம்மை கேக் வேண்டும். நடுவில் ஒரு பொம்மை நிற்கும். அதன் பாவாடைதான் கேக். கடையில் படம் காட்டினார்கள். பாவாடையின் மடிப்பெல்லாம் ஃபாண்டன்ட். ஃபாண்டன்ட் என்பது சர்க்கரையைப் பிசைந்து சப்பாத்தி மாதிரி திரட்டிப் போர்த்துவது. படத்துக்கு அழகு. தட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் அதை உரித்து ஓரமாக வைத்துவிடுவார்கள். நல்ல கனமும் உண்டு, அந்தக் கனமும் நீங்கள் காசு கொடுக்கும் இரண்டு கிலோவில் சேர்த்திதான். ஆகவே ஃபாண்டன்ட் கேக் என்றால் தலைக்கணக்குக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். கடைசியில் சதுரக் கேக்கின் மேல் ஒரு பொம்மையை நிற்க வைப்பது என்று போனிலேயே ஒரு சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. பொம்மை எடையில் சேராது என்பதை மட்டும் நான் நோட்டில் எழுதி வாங்கினேன். கல்லாப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். முன்பொரு கடையில் தங்க நிற அட்டையோடு, அதற்குமேல் பெட்டியோடு நிறுத்து, ஒரு கிலோ என்று என் கையில் கொடுத்திருக்கிறார்கள். நிகர எடை என்பது பெட்டியும் அட்டையும் போக உள்ள எடை. நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. ஆனால் அவர்களிடம் போக வேண்டிய அவசியமே இல்லை. வெறும் அட்டையைத் தராசில் வைத்து சைபர் ஆக்கிவிட்டு நிறுக்கச் சொன்னால் போதும்.

அடுத்தது க்ரீம். இங்கே நான் கல்லாவை விட்டு உள்ளே மாஸ்டரிடம் போய்விட்டேன். கேக்கைப் பற்றிக் கல்லாவில் இருப்பவருக்கு விலை தெரியும், மாஸ்டருக்குத்தான் உண்மை தெரியும்.

ஃப்ரெஷ் க்ரீம் என்று பேக்கரியில் சொல்வதில் பெரும்பாலும் மாட்டுக்குப் பங்கு கிடையாது. அது கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு, தண்ணீர், சர்க்கரை, இவை பிரியாமல் பிடித்துவைக்கும் சில பொருட்கள் எல்லாம் கலந்து, உறையவைத்த பாக்கெட்டில் வருகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளக்கி, மெஷினில் அடித்தால் மூன்று நான்கு மடங்காக உப்பும். உப்புவது காற்று. அதற்காக யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை, காற்றுக்கு எடை போட முடியாது. உயரமாக நிற்கும் கேக்கைப் பார்த்து "அடேயப்பா, இரண்டு கிலோவுக்கு எவ்வளவு பெருசு" என்று பூரிப்பவர்கள் மட்டும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையில் எடை ஏற்றுவது சர்க்கரைப் பாகு. ஸ்பாஞ்சு காயாமல் இருக்க அடுக்குக்கு அடுக்கு பாகு தெளிப்பார்கள். அளவாகத் தெளித்தால் மெத்தென்று இருக்கும். கை தாராளமானால் வெட்டும்போது அடித்துண்டு அட்டையோடு ஒட்டிக்கொண்டு சொதசொதவென்று வரும்.

"சார், எப்படி எடுத்துட்டுப் போறீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பஸ்ல. சிதம்பரம்."

"மே மாசம். அக்னி நட்சத்திரம். பஸ்ல." ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஃப்ரெஷ் க்ரீம் வேணாம் சார். அது ஃப்ரிட்ஜுலேருந்து நேரா டேபிளுக்குப் போறவங்களுக்கு."

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் சொச்சம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வெயிலில் அடித்த க்ரீம் முதலில் பக்கவாட்டில் தொப்பை போடும். பிறகு அடியில் அட்டையைச் சுற்றி ஈரம் கசியும். எழுதிய பெயர் கண்ணீர் விடும். அதற்குப் பிறகு லேசாகப் புளிப்பு வாடை வந்தால் வெட்டவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடு.

பட்டர் க்ரீம் நம் பால்யத்தின் க்ரீம். ரோஸ் நிறப் பூவும் வெள்ளிக் குண்டுமணியும் வைத்து, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ராத்திரி வரைக்கும் கூடவே இருந்ததே, அதுதான். அப்படி ஒட்டியதற்குக் காரணம் வெண்ணெய் அல்ல, வெண்ணெயின் இடத்தில் உட்கார்ந்த வனஸ்பதி. வெண்ணெய் நாக்குச் சூட்டில் உருகிவிடும், வனஸ்பதி அவ்வளவு சுலபத்தில் விடைபெறாது. ஆனால் பஸ்ஸுக்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டியிருக்கிறது. சுத்த வெண்ணெயில் செய்தது 35 டிகிரிக்குள் இளகிவிடும். இரண்டும் பாதிப் பாதி என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். கேக்கை ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, பஸ் ஏறுவதற்குச் சற்று முன்னால்தான் எடுக்க வேண்டும். மடியில் வைக்கக் கூடாது; மடி சூடு, மடி சாயும். காலடியில் சமதளமாக வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் க்ரீம் இறுகியிருந்தால், உடனே வெட்டாமல், அது இளக அரைமணி நேரம் வெளியே வைக்க வேண்டும்.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். "கேக்கா? லக்கேஜ் போடலாமா வேணாமா?" என்று தனக்குத்தானே விவாதித்து, "பொறந்தநாள் யாருக்கு?" என்று கேட்டு, "மருமகளுக்கு" என்றதும் விட்டுவிட்டார். அவரும் யாருக்கோ தாய்மாமனாக இருக்க வேண்டும். பக்கத்து சீட்டு அம்மா மட்டும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் "ஐயோ கேக்கு" என்று எனக்காகப் பதறிக்கொண்டே வந்தார்.

எக்லெஸ் விவகாரம் சம்பந்தியம்மாவுக்காக. அவர் முட்டை சேர்த்துக்கொள்வதில்லை. பெயர்ப்பலகையில் அய்யங்கார் இருந்தால் முட்டை இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பெயர் பெங்களூரிலிருந்து வந்தது. ஹாசன் பக்கத்து அய்யங்கார்கள் அங்கே நடத்திய முட்டையில்லாத பேக்கரிகளின் புகழ் அது. இன்றைக்கு பலகையில் அய்யங்கார் இருக்கும் கடையிலேயே கண்ணாடிக்குள் எக் பப்ஸும் இருக்கலாம். பலகையைப் படிக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். பாக்கெட்டில் அடைத்த கேக் என்றால் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்ந்தாலே முக்கோணம்தான். ஆர்டர் கேக்கின் பெட்டியில் பல கடைகளில் வட்டமும் இருக்காது, முக்கோணமும் இருக்காது. மாஸ்டரின் வாக்குதான் முத்திரை.

முட்டை கேக்குக்கு இரண்டு வேலை செய்கிறது. அடித்த நுரையில் காற்றைப் பிடித்துவைக்கும், வெந்ததும் இறுகி மாவைத் தாங்கும். அதை எடுத்துவிட்டால் காற்றுக்குத் தயிரும் சமையல் சோடாவும், மென்மைக்கு கண்டென்ஸ்டு மில்க்கும் போட்டு ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்கென்று விற்கும் ப்ரீமிக்ஸ் மாவு. தயிர், சோடா வகை கொஞ்சம் அடர்த்தியாக, வெட்டும்போது உதிர்வதாக இருக்கும். எடை அதே இரண்டு கிலோ, உயரம் மட்டும் ஒரு படி குறைவு. "எக்லெஸ்னு சொல்லி அளவைக் குறைச்சுட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம். ஆசாரம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றையும் கேட்டுச் சொல்ல வேண்டும்: தனி டின்னா, தனிக் கத்தியா?

இதையெல்லாம் விசாரித்து, தனி டின், தனிக் கத்தி என்று சத்தியம் வாங்கி, தொப்பை போடாமல் கேக்கைக் கொண்டு போய்ச் சேர்த்தேன். விளக்கை அணைத்தார்கள். மருமகள் மூச்சை இழுத்து ஐந்து மெழுகுவர்த்தியையும் ஊதினாள், பக்கத்திலிருந்த வாண்டுகளும் உதவிக்கு ஊதின. முதல் துண்டை நான் பயபக்தியோடு சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன்.

"முட்டை இல்லீங்க. தனிக் கத்தி."

"அது சரி தம்பி. எச்சில் இருக்கே" என்று சொல்லிவிட்டு ஒரு மாரி பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

பழம் பஞ்சாங்கம் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. 2017-இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மெழுகுவர்த்தியை ஊதியபின் கேக் பூச்சில் பாக்டீரியா சராசரியாக 1400 சதவீதம் கூடியதாம். அதனால் பெரிய ஆபத்தில்லை என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சம்பந்தியம்மாவிடம் இதன் இரண்டாம் பாதியைச் சொல்லிப் பயனில்லை.

ஆகவே, தாய்மாமன்களே, கேக்கோடு ஒரு கப் கேக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியை அதில் குத்துங்கள். ஊதியவரே அதைச் சாப்பிடட்டும்.