சந்தா விலக்கலும் இரு மின்னஞ்சல்களும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்க அங்கத்துவம் என்பது இரண்டு தனித்தனி உறவுகளால் ஆனது. தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் இடையிலுள்ள உறவு ஒன்று. சங்கத்துக்குரிய மாதச் சந்தாவைச் சம்பளத்திலிருந்து கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும்படி அதே தொழிலாளி தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்த அனுமதி மற்றொன்று. விலக விரும்புபவர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே முறிக்கிறார், அதுவும் தோட்டத் தலைவரிடம் வாய்மொழியாக. தலைவர் சங்கத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவதும் அவருடைய பணிகளுள் அடங்கும். அந்தத் தலையாட்டல் தோட்ட அலுவலகத்தின் எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை என்பதால், இரண்டாவது உறவு சம்பளச் சீட்டில் சந்தா என்ற பெயரில், ஊழியர் சேமலாப நிதிக்கும் கோயில் பணத்துக்கும் நடுவே நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கும்.

எழுதாமலே சந்தா நின்ற காலமும் உண்டு. 2021இல் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாயாக உயர்ந்து, கூட்டு ஒப்பந்தம் வழக்கொழிந்தபோது, பெருந்தோட்டக் கம்பனிகள் சந்தாவை அறவிட்டுக் கொடுப்பதை நிறுத்தின. ஒரு தொழிலாளி தன் பெயரை நீக்கும்படி நடையாய் நடந்தும் நகராத அலுவலகம், ஒட்டுமொத்த அறவீட்டையும் ஒரே முடிவில் நிறுத்திக்காட்டியது நிர்வாகத் திறனுக்குச் சிறந்த சான்றாகும். இவ்வாறு நின்றது அறவீடு மட்டுமே, அங்கத்துவம் நிற்கவில்லை. ஆகவே அறவீடு தொடரும் இடத்திலும் மீண்டும் தொடங்கும் இடத்திலும் விலகல் கடிதத்துக்குத் தேவை இருந்தே வருகிறது.

அக்கடிதம் இப்போது கொழும்புக் கடையொன்றில் வேலைபார்க்கும் மகனுடைய கைப்பேசியிலிருந்து மின்னஞ்சலாகப் புறப்படுகிறது. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைச் செல்லாது எனத் தள்ளக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் கூறுவதால், பெரிய கிளாக்கர் “கடதாசி கொண்டு வாங்க” என்று சொன்னாலும் மின்னஞ்சல் எழுத்தாவணமே. மகன் எழுதுவதால் எழும் ஐயத்தைத் தவிர்க்க, தொழிலாளியான தாய் கையெழுத்திட்ட கடிதத்தைப் படமெடுத்து இணைத்துவிடுவது நன்று.

கடிதத்தில் பெயர் மட்டும் போதாது. ஒரே பிரிவில் மூன்று இராமாயிகளும் நான்கு முத்தையாக்களும் இருக்கக்கூடிய இடத்தில், விலகியவர் ஒருவராகவும் விடுவிக்கப்பட்டவர் இன்னொருவராகவும் முடியும் வாய்ப்பு மிகுதி. தோட்டம் ஆளை அறிவது செக்ரோல் இலக்கத்தால், அதாவது தொழிலாளியின் வேலை நாட்களும் சம்பளமும் எழுதப்படும் பதிவேட்டில் அவருக்குரிய எண்ணால். அதனுடன் பிரிவின் பெயரும் சேமலாப நிதி இலக்கமும் சங்க அங்கத்துவ இலக்கமும் இருந்தால் போதும். வங்கிக் கணக்கு இலக்கத்தை இங்கே கேட்பவரும் இல்லை, கொடுக்க வேண்டியதும் இல்லை.

சிக்கலின் மையம் முடிவுத் தேதியில் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு மாத வேலைக்கான சம்பளம் வழக்கமாக அடுத்த மாதம் 10ஆம் தேதியளவில் கைக்கு வருகிறது. எனவே ஒக்டோபர் 20இல் அனுப்பிய கடிதத்தில் “ஒக்டோபர் 31 முதல் நிறுத்தவும்” என்று எழுதினால், நவம்பர் 10இல் கொடுக்கப்படும் ஒக்டோபர்ச் சம்பளத்தில் கழிப்பதா வேண்டாமா என்று அலுவலகம் ஆராயத் தொடங்கும். ஆராய்ச்சி நடக்கும்வரை கழிப்பதே மரபு. நாள்காட்டித் தேதியை விட்டுச் சம்பள மாதத்தைச் சொல்வதே சரியான வழி:

“செக்ரோல் இலக்கம் 214, மேற்பிரிவு. என் சங்க அங்கத்துவத்தையும் சந்தா அறவீட்டுக்கு நான் கொடுத்த அனுமதியையும் இத்தால் விலக்கிக்கொள்கிறேன். ஒக்டோபர் மாத வேலைக்கான சம்பளத்தில் கழிப்பதே இறுதி அறவீடாக இருக்க வேண்டும். நவம்பர்ச் சம்பளத்திலிருந்து அறவீடு இல்லை என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.”

இது தோட்டத் துரைக்கும் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும் தனித்தனியாகச் செல்ல வேண்டும். ஒரே மின்னஞ்சலை இருவருக்கும் அனுப்பினால் மற்றவர் பதில் எழுதுவார் என்று இருவரும் நம்பியிருப்பர். இந்த ஒரு விடயத்திலாவது நிர்வாகமும் சங்கமும் ஒற்றுமையாக இருக்கின்றன. சங்கத்திடம் கேட்க வேண்டியது அங்கத்துவம் முடிந்த தேதி. தோட்டத்திடம் கேட்க வேண்டியது இறுதி அறவீட்டு மாதம். “கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும்” என்ற பதில் வந்தால் அது உறுதிப்படுத்தலாகாது, ஏனெனில் அதில் மாதம் இல்லை.

டிசம்பர் 10இல் வரும் சம்பளச் சீட்டிலும் சந்தா இருந்தால், புதிதாக எழுதத் தொடங்காமல், முன்னைய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே சீட்டின் படத்தை இணைத்து, கழித்த தொகையைத் திருப்பித் தரும்படி கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையேல் அந்த முழுத் தொடரையும் அச்சிட்டு அண்மையிலுள்ள தொழில் அலுவலகத்தில் கையளிக்கலாம்.