சித்தப்பாவின் மின்னஞ்சலைத் திருத்துவது எப்படி

குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், போன் பில் தகராறு என்றைக்காவது உங்கள் கைக்கு வந்தே தீரும். வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சித்தப்பா, சரக்கெடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் நாளில் போனை நீட்டுவார். "நானே எழுதிட்டேம்பா. சும்மா ஒரு தடவ பாத்துடு." சும்மா என்று அவர் சொன்னதால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலைப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் பில்லைக் கேளுங்கள். "பில்லு எதுக்கு? அதான் எல்லாத்தையும் எழுதியிருக்கேனே" என்பார். எழுதியிருப்பது இதுதான்: "மாதாமாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் என்னிடம் கொள்ளையடிக்கிறீர்கள்." பில்லில் இருப்பது வேறு. மாத வாடகை 399 ரூபாய். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் எழுத்தில், ஏதோ கேம்ஸ் சேவைக்கு 99 ரூபாய். இரண்டும் சேர்ந்து 498. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 89.64, ஆக மொத்தம் 587.64. சித்தப்பா பார்த்தது மொத்தத்தை. கோபம் வந்ததும் மொத்தத்தின் மேல்தான். ஆனால் 399 ரூபாய் திட்டத்தை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார், தினமும் பேசியுமிருக்கிறார். அதையும் கொள்ளைக் கணக்கில் சேர்த்தால், "திட்டக் கட்டணம் சரியாகவே வசூலிக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதிலும் பொய்யாக இருக்காது.

எனவே தவறான தொகையை நீங்களே பிரித்தெடுக்க வேண்டும். 99 என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த 99க்கான வரி 17.82 ரூபாய், மொத்த வரிக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. பில்லில் அதற்கென்று தனி வரி இருக்காது. இரண்டும் சேர்ந்து 116.82. ஏப்ரல், மே, ஜூன் என மூன்று பில்லிலும் இருப்பதால் 350.46. முதல் இரண்டு பில்லை சித்தப்பா பார்க்காமலேயே கட்டிவிட்டார், ஆகவே 233.64 திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். ஜூன் பில்லிலிருந்து 116.82 கழிக்கப்பட வேண்டும். "ஐந்நூறுக்கு மேல்" என்பதைவிட "350 ரூபாய் 46 பைசா" சிறிய தொகைதான். ஆனால் அந்த 46 பைசாவைப் பார்த்தவர், எதிரில் இருப்பவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று புரிந்துகொள்வார்.

இனி மின்னஞ்சலைத் திறக்கலாம். அது இரண்டு பேர் எழுதியது போல இருக்கும். முதல் பாதியை எழுதியவர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று பழகியவர்: "உயர்திரு ஐயா அவர்களின் சமூகத்திற்கு, மலைவாழ் மக்களாகிய எங்கள்மீது கருணை கூர்ந்து..." இரண்டாம் பாதியை எழுதியவர், அதே வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவர்: "உங்கள் கம்பெனி நாசமாய்ப் போகும்." மனுவும் போகட்டும், சாபமும் போகட்டும். கருணை கேட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம் என்று ஆகிவிடும். சாபம் விட்டால் படிப்பவர் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, வேலை முடிந்தது என்று மூடிவிடுவார். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற பதில் பெரும்பாலும் சாபத்துக்குக் கிடைக்கும் பதில். பணத்துக்குக் கிடைப்பது இல்லை.

நடுவில் ஒரு நீண்ட பத்தி இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் சிக்னல் எப்படிப் போகிறது, மழை நாளில் கரண்ட் எப்படிப் போகிறது, எந்த வளைவில் நின்றால் ஒரு புள்ளி ஏறுகிறது. கல்வராயன் மலையைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை. அதை வெட்டும்போது கை நடுங்கும். வெட்டுங்கள். மின்னஞ்சலைத் திறப்பவர் முதலில் செய்வது, அதை ஒரு வகையில் போடுவது: பில் புகாரா, சிக்னல் புகாரா, சிம் புகாரா? சிக்னலைப் பற்றி ஒரு பத்தியும் பில்லைப் பற்றி இரண்டு வரியும் இருந்தால் அது எந்தப் பெட்டியில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில நாள் கழித்து, "உங்கள் பகுதியில் சிக்னல் சோதிக்கப்பட்டது, சீராக உள்ளது" என்று செய்தி வரும், புகார் மூடப்பட்டிருக்கும். சிக்னலுக்குத் தனி மின்னஞ்சல், தனிப் புகார் எண்.

"சிக்னலே இல்லாத இடத்துல நான் எப்படிப்பா கேம் ஆடுவேன்?" என்று சித்தப்பா கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாதமாக வைக்காதீர்கள். அவர் வாரம் இரண்டு முறை கீழே இறங்குகிறார். அன்றைக்கு டேட்டா ஓடியதற்கான பதிவு அவர்களிடம் இருக்கும். ஒரு வாக்கியம் பொய்யானால் மற்றதும் ஆட்டம் காணும்.

அதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை நிரூபிக்க வேண்டியது சித்தப்பா இல்லை. இப்படிக் கேட்காமல் சேர்ந்துகொள்ளும் சேவைகளுக்காகவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. மதிப்புக் கூட்டுச் சேவை எதையும் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும். கைதவறி ஒரு பொத்தானை அழுத்தினால் அது முதல் சம்மதம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவதாகத் தனியாக ஒன்று வேண்டும். ஆகவே "நான் கேட்கவே இல்லை" என்று சத்தியம் செய்வதை எடுத்துவிட்டு, "இரண்டாவது சம்மதம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியில் பெறப்பட்டது என்ற பதிவை அனுப்புங்கள்" என்று போடுங்கள். சத்தியத்தை நம்பாமல் விடலாம். கேட்ட பதிவை அனுப்பாமல் விட்டால் அது எழுத்தில் நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: இந்த வாதம் கேம்ஸ், பாட்டு, ஜோசியம் போன்ற கூடுதல் சேவைகளுக்குத்தான் பொருந்தும். ரோமிங் கட்டணத் தகராறுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அனுப்பும் முன் மூன்று வேலைகளை சித்தப்பாவைக்கொண்டே செய்ய வையுங்கள். 155223ஐ அழைத்து அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லட்டும். இல்லாவிட்டால் நீங்கள் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜூலைக்கும் 99 ஏறிவிடும். பிறகு ஜூன் பில்லில் தகராறு இல்லாத 470.82ஐக் கட்டிவிடட்டும். கடைசியாக 198ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யட்டும். டிராயின் 2012 விதிமுறைப்படி டாக்கெட் எண் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் தீர்ப்போம் என்பதையும் சொல்ல வேண்டும். சித்தப்பா அந்த எண்ணை பீடிக்கட்டின் மேல் எழுதி வைத்திருப்பார். இரண்டு முறை சரிபாருங்கள், அவருடைய ஒன்றும் ஏழும் அண்ணன் தம்பி.

அடுத்து சி.சி. வரிசை. பிரதமர், முதல்வர், கலெக்டர், டிராய் தலைவர், ஒரு டிவி சேனல். எல்லாவற்றையும் நீக்குங்கள். டிராய் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பதில்லை. "நோடல் ஆபீசர்" என்று அவர் போட்டிருந்தால், அது பழைய பில்லைப் பார்த்து எழுதியது. 2012 விதிமுறை அந்தப் படியை எடுத்துவிட்டது. இப்போது படி இரண்டுதான்: புகார் மையம், அதன் பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது.

"கோர்ட்டுக்கு இழுப்பேன்" என்ற வரியை மட்டும் முழுதாக அடிக்காதீர்கள், அதற்குச் சட்டை போட்டு விடுங்கள். 2009இல் கோழிக்கோட்டுத் தொலைபேசி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், போன் பில் தகராறு 1885 தந்திச் சட்டத்தின்படி நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதைக் காட்டியே பல வருடம் வழக்குகள் திருப்பி அனுப்பப்பட்டன. அகமதாபாத்தில் ஒருவர், மாதத் திட்டம் 249 ரூபாய், சராசரி பில் 555 ரூபாய். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரு மாதத்துக்கு வோடஃபோன் அவருக்குப் போட்ட பில் 24,609 ரூபாய் 51 பைசா. அவர் 2014இல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மன்றம் இதை விசாரிக்கலாமா கூடாதா என்ற ஒரு கேள்வி மட்டுமே உச்ச நீதிமன்றம்வரை போய், 2022 பிப்ரவரி 16இல்தான் "விசாரிக்கலாம்" என்று முடிந்தது. பில் சரியா தவறா என்பது அதற்குப் பிறகு! சித்தப்பாவின் 350 ரூபாய்க்கு அவ்வளவு ஆயுள் வேண்டாம். ஆனாலும் வழி திறந்திருக்கிறது. குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. அதை ஒரே வாக்கியத்தில், ஆச்சரியக்குறி இல்லாமல், கடைசியில் வையுங்கள்.

வெட்டி முடித்தபின் மிஞ்சுவது இவ்வளவுதான்:

"பொருள்: கேட்காத கேம்ஸ் சேவைக்கு ரூ. 350.46 — பில் புகார்

என் போஸ்ட்பெய்டு எண்ணுக்கு வந்த ஏப்ரல், மே, ஜூன் பில்களில், நான் கேட்காத கேம்ஸ் சேவைக்கு மாதம் ரூ. 99, அதற்கான வரி ரூ. 17.82, மொத்தம் ரூ. 116.82 சேர்க்கப்பட்டுள்ளது. சேவையை இன்று 155223 வழியாக நிறுத்திவிட்டேன். ஜூன் பில்லில் தகராறு இல்லாத ரூ. 470.82ஐ இன்று கட்டியுள்ளேன். ரசீது இணைப்பில் உள்ளது.

ஏப்ரல், மே மாதங்களுக்குக் கட்டிய ரூ. 233.64ஐ வரவு வையுங்கள். ஜூன் பில்லிலிருந்து ரூ. 116.82ஐ நீக்குங்கள், அந்தத் தொகைக்குத் தாமதக் கட்டணம் போட வேண்டாம். கட்டணம் சரி என்று கருதினால், என் இரண்டாவது சம்மதத்தின் பதிவைத் தேதி, நேரத்துடன் அனுப்புங்கள்.

டாக்கெட் பதிவில் நீங்கள் சொன்ன கெடுவுக்குள் தீராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்வேன்."

போன் எண், கணக்கு எண், டாக்கெட் எண் மூன்றும் கையெழுத்துக்குக் கீழே. நிறுவனத்தில் பதிந்திருக்கும் மின்னஞ்சலிலிருந்தே போக வேண்டும். சித்தப்பாவுடையது பெரும்பாலும் பையனின் பழைய ஐ.டி.யாக இருக்கும், கடவுச்சொல்லுக்கு அவனை பெங்களூரில் எழுப்ப வேண்டியிருக்கும். இணைப்பில் மூன்று பில்லும் ரசீதும் உண்மையிலேயே ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ரசீதுக்குப் பதிலாகப் பேரன் படம் ஏறியிருக்கலாம்.

சித்தப்பா படித்துப் பார்ப்பார். முகம் வாடும். "என்னப்பா, ஒறப்பே இல்லியே. ஒரு 'வன்மையாகக் கண்டிக்கிறேன்'னாச்சும் போட்டுக்கலாமா?" கொஞ்சம் பேரம் பேசுவார், "கண்டிக்கிறேன்" போதும் என்பார், "வன்மையாக" மட்டும் போதும் என்பார். மசியாதீர்கள்.

அனுப்பிய சில நொடிகளில் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், நன்றி" என்று இயந்திரப் பதில் வரும். சித்தப்பா குளிர்ந்துவிடுவார். பஸ் ஏறுவதற்குள், "தங்கள் உடனடி நடவடிக்கைக்கு மிக்க நன்றி ஐயா, முழுத் திருப்தி" என்று பதில் தட்ட ஆரம்பித்திருப்பார். போனை வாங்கி வையுங்கள். ஜூலை பில்லில் 233.64 வரவு ஏறும்வரை அவருக்குத் திருப்தி கிடையாது என்று சொல்லி அனுப்புங்கள்.