அடைப்பு போட்டால் சரியாகிவிடுமா?

ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஜேசன் கோப்பாக வந்தது. எந்த நிரலும் அதைப் படிக்க மறுத்தது. "கடைசியில ரெண்டு பிராக்கெட் போட்டா சரியாயிடும் சார்" என்றான் பக்கத்து மேஜைத் தம்பி. நம் ஆட்களுக்கு வைத்தியம்தான் முதலில். என்ன நோய் என்பதெல்லாம் அப்புறம்.

ஜேசன் எங்கள் பெரியப்பா கதை சொல்வதைப் போல. ஒரு கதைக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. கடைசியாக ஆரம்பித்ததை முதலில் முடித்தாக வேண்டும். நடுவில் யாராவது அவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் எல்லாமே அந்தரத்தில் நிற்கும். நம் கோப்பும் அப்படித்தான் நின்றது. சுருக்கிக் காட்டினால் இப்படி:

```
{"list":[{"name":"முத்து","town":"திருநெல்
```

இதைப் பைத்தானிடம் கொடுத்தால் வரும் பதில்:

```
Unterminated string starting at: line 1 column 34 (char 33)
```

பைத்தான் சொல்லும் இடமும் கோப்பின் கடைசியும் ஒன்றாக இருந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. இடம் நடுவில் இருந்தால் பெரும்பாலும் வேறு கோளாறு, விட்டுப்போன காற்புள்ளி மாதிரி. ஆனால் மேற்கோளுக்குள் அறுந்தால் கதை வேறு: அறுந்த இடத்தைச் சொல்லாமல், மேற்கோள் தொடங்கிய இடத்தையே பைத்தான் காட்டும். 33 என்றது அதைத்தான். அறுந்தது 42-ல்.

அந்த 42-ஐச் சரிபார்க்க `wc -c` போட்ட தம்பிக்கு 70 வந்தது. "சார், இன்னும் 28 எங்கேயோ ஒளிஞ்சிருக்கு!" எதுவும் ஒளியவில்லை. `wc -c` பைட்டை எண்ணும், பைத்தான் எழுத்துக்குறிகளை எண்ணும். யுடிஎஃப்-8-ல் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியே மூன்று. `wc -m` போட்டால் 42 என்று ஒழுங்காக வரும்.

இனி மூடலாம். திறந்தவற்றைப் பின்னாலிருந்து எண்ணினால் `"}]}` போதும். பைத்தான் வாயை மூடிக்கொள்ளும். முத்து மட்டும் "திருநெல்" என்ற புது ஊருக்குக் குடிபோயிருப்பார்! அதனால் அரைகுறைப் பதிவை முழுதாகத் தூக்கிவிட்டு, முழுமையாக முடிந்த கடைசிப் பதிவுக்குப் பின்னால் `]}` போடுவதே நேர்மை. அதற்கப்புறம் வர வேண்டிய உறுப்பினர்களை எந்த அடைப்பும் கொண்டுவராது. மூலத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே அறுந்தது என்பதைச் சுருக்காத கோப்பின் அளவே சொல்லிவிட்டது: 65,535 பைட்டை ஒட்டி. மைசீக்வலில் `TEXT` வகைப் பத்தி கொள்ளும் உச்ச அளவு அது. கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருந்தால், மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுக்கும். முழுக்கத் தமிழென்றால் 21,845 குறிகளிலேயே இடம் தீர்ந்துவிடும். பத்தியை `LONGTEXT` ஆக மாற்றி, கண்டிப்பு முறையையும் போட்டு, பட்டியலை மறுபடி ஏற்றச் சொன்னேன். "அப்போ பிராக்கெட்?" என்றான் தம்பி. அது தானாக வந்துவிடும் தம்பி, உறுப்பினர்கள் எல்லாரும் வந்தபிறகு.