ஓரிரு இடங்களில்

நேற்று சாயங்காலம் பின் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் தெருவில் ஒரு சொட்டு இல்லை. பின் தெருவில் குடியிருக்கும் என் மைத்துனன் போன் போட்டான். "மாமா, அங்க மழை எப்படி?" பெய்கிறதா என்று கேட்டால் மனிதன். 'எப்படி' என்று தரம் விசாரிக்கிறான். தகரக் கூரைச் சத்தம் எனக்கும் கேட்கட்டும் என்று போனை வாசல் வரை கொண்டுபோனான்.

எங்கள் தெரு மட்டும் என்ன பாவம் செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த 'ஓரிரு இடங்களில்' சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன்.

வானிலை அறிக்கையில் ஆடி, ஆவணி முழுக்க வரும் சொல் இது. சும்மா பட்டும் படாமலும் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்போம். இல்லை, அதற்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கோ அதற்குக் குறைவோ 2.5 மில்லிமீட்டரைத் தொட்டால் 'ஓரிரு'. பாதி வரை போனால் 'ஒருசில'. முக்கால் வரை 'அநேக'. அதையும் தாண்டினால் 'பெரும்பாலான'. இருபது மானி இருந்தால் ஐந்து நனைந்தாலே அறிக்கை பலித்துவிட்டது. மீதிப் பதினைந்து ஊரும் வானத்தைத் திட்டலாம், அறிக்கையைத் திட்ட முடியாது. கவனியுங்கள், கணக்கு மானிக்குத்தான், தெருவுக்கு இல்லை. மைத்துனன் வீட்டு மாடி நூறு சதுர மீட்டர் என்றால் 2.5 மில்லிமீட்டருக்கே 250 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். ஆனால் அவன் தெருவில் மானி கிடையாது. ஆக அரசாங்கக் கணக்கில் நேற்று அவனுக்கும் மழை இல்லை. இதை நான் போன் செய்து சொன்னேன். சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

சரி, விஷயம். தென்மேற்குப் பருவத்தில் எங்கள் ஊருக்குத் திண்டிவனம் பக்கமிருந்து மேல்காற்று சூடாக வருகிறது. மத்தியானத்துக்கு மேல் மரக்காணம் பக்கமிருந்து ஈரமான கடல்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் முட்டும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அந்தக் கோட்டில் அங்கங்கே பத்து கிலோமீட்டருக்கும் மேல் உயரமாக இடிமேகம் எழும்பும். உயரம்தான் அவ்வளவு. கொட்டுகிற பகுதி சில கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது, ஆயுளும் ஒரு மணி நேரத்துக்குள். மேலே தள்ளிக்கொண்டு போகக் காற்று இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டுக் கலையும். மழையின் ஓரம் அந்த நேரம் எந்தத் தெருவில் விழுந்ததோ, அதுதான் எல்லை.

எனக்குக் கோபம் மழை மேல் இல்லை, அதோடு வரும் காற்றின் மேல். மழையில் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் விரியும். அது மட்டும் தெரு பார்ப்பதில்லை. குளுகுளுவென்று மண் வாசனையோடு என் வாசலுக்கு வந்துவிட்டது. கொடியில் இருந்த துணியை உருவினோம். மாடியில் காய்ந்த மோர்மிளகாயைத் தாம்பாளத்தோடு தூக்கி வந்தோம். அம்மா "வந்துடுச்சு" என்று அறிவித்தார். வரவில்லை. அந்தக் காற்று அப்படியே போய்க் கிளியனூர்ப் பக்கம் இன்னொரு மேகத்தைக் கிளப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. கிளப்பட்டும்.

ரேடார் படம் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். சென்னை ரேடாரும் சரி, காரைக்கால் ரேடாரும் சரி, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் வந்து சேரும்போது அதன் கற்றையே சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். என் தெருவும் மைத்துனன் தெருவும் அதற்கு ஒரே புள்ளி. போதாததற்குப் பூமி வளைவதால் அது பார்ப்பது சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மழையை. வினாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் விழும் துளி தரைக்கு வர ஐந்தரை நிமிடம் ஆகும். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று அதற்குள் அந்தத் துளியை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆகவே படத்தில் என் தலைக்கு மேல் சிவப்பாக இருந்த மழை எனக்கு உரியதுதான். வழியில் காற்று கைமாற்றிவிட்டது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இந்தப் பேச்சே இல்லை. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. தெருவுக்குத் தெரு பாரபட்சம் பார்க்காமல் எல்லாரும் மூழ்கினோம். போன் போட்டு 'எப்படி' கேட்க ஒருவனுக்கும் சார்ஜ் இல்லை.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் புலம்பினால் அவர் வேறு கட்சி. பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது பத்து நிமிட மழை போதும், எல்லாம் கரைந்து மறுபடி தண்ணீர். "உன் தெருவுக்கு வர வேண்டியது எல்லாம் உனக்கே வரட்டும்டா, இங்க மட்டும் வேண்டாம்" என்றார். வாழ்த்தா, வசவா, தெரியவில்லை.

எங்கள் தெரு மட்டும் ஏன் என்று இப்போதுதான் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். பின் தெருவில் மழையில் நனைந்த கிளை ஒன்று கம்பி மேல் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் மட்டும் இரண்டு தெருவுக்கும் பொது.