சீலைக்கு அடியில வந்த இரோடோவ்

தம்பி, உன்ரை அலுமாரியைப் பார்த்தன். நல்ல அலுமாரி. உள்ள எச்.சி. வர்மா இரண்டு பாகமாக நிக்கிறார், ரஷ்யாக்கார இரோடோவ் நிக்கிறார், ஐ.ஐ.ரி. நுழைவுத் தேர்வுக்கெண்டு அச்சடிச்ச தலையணைப் புத்தகங்கள் இன்னும் ஆறேழு. கொம்மா சென்னைக்குச் சீலை எடுக்கப் போனவ, பெட்டியில சீலைக்கு அடியில வைச்சுக் கொண்டுவந்தவவாம். சீலையையெண்டாலும் ஒருக்கா உடுத்திட்டா. புத்தகத்துக்கு இன்னும் பொலித்தீன் உரிக்கேல்லை.

பயப்பிடாதை, நான் புத்தகத்துக்கு எதிரியில்லை. வடமராட்சியில விடியப் புகையிலைக்குத் தண்ணி இறைச்சுப்போட்டு, எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்ச ஆள் நான். எங்கடை கையில லோனி இருந்தார். 1893 இல அச்சான திரிகோண கணிதம். கும்பகோணத்து இராமானுஜன் சின்ன வயதில படிச்சதும் அதைத்தான். நானும் படிச்சன். அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனார், நான் புகையிலைத் தோட்டத்துக்குப் போனன். லோனியில பிழை சொல்லேலாது.

விசயம் என்னெண்டால், வர்மா கான்பூர் ஐ.ஐ.ரி.யில படிப்பிச்ச பேராசிரியர். அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரியிற இந்தியப் பெடியன் முதல்ல எழுதுறது ஜே.இ.இ. மெயின். கணினிக்கு முன்னால இருந்து விடையைத் தட்டவேணும். சரியெண்டால் 4 புள்ளி, பிழையெண்டால் 1 கழியும். விடை எப்படி வந்ததெண்டு அங்க ஒருத்தரும் கேக்கிறதில்லை. உனக்கு மொரட்டுவைக்கோ பேராதனைக்கோ கதவு திறக்கிறது உயர்தரப் பரீட்சை. அதில இணைந்த கணிதத்துக்குப் பல்தேர்வே கிடையாது. இரண்டு தாள், மும்மூன்று மணித்தியாலம், முழுக்கக் கையெழுத்து. பௌதிகவியலில 50 பல்தேர்வு இருக்குத்தான். ஆனால் பிழை விட்டால் கழிக்கிறதில்லை. இந்தியப் புத்தகத்தில பழகின மகாராசாக்கள் கழிவுக்குப் பயந்து, தெரியாத கேள்வியை வெறுமையா விட்டிட்டு வருகினம். ஐந்து விடையில ஒண்டைக் கீறிப்போட்டு வந்தால் பேனை மை முடிஞ்சுபோகுமோ?

இனி, புள்ளி எங்க ஒளிஞ்சிருக்கெண்டு காட்டுறன், கிட்ட வா. இணைந்த கணிதத்தின் ஒவ்வொரு தாளிலும் பகுதி A இல 10 கேள்வி, கேள்விக்கு 25 புள்ளி. பகுதி B இல ஏழில ஐந்து செய்யவேணும், ஒவ்வொண்டும் 150. மொத்தம் 1000. பத்தால பிரிச்சு நூறாக்குவினம். முதல் தாளின் தொடக்கத்தில அனேகமா கணிதத் தொகுத்தறிவு வரும். ஒரு சின்ன உதாரணம் எடுப்பம்:

1 + 3 + 5 + … + (2n − 1) = n²

இதை உன்னட்டைத் தந்தால் சிரிப்பாய். சிரிச்சுக்கொண்டே p² + (2p + 1) = (p + 1)² எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு அடுத்த கேள்விக்குப் பாய்வாய். புள்ளியிடும் திட்டத்தை எடுத்துப் பார், இந்த மாதிரிக் கேள்வியில 25 உம் ஐந்து ஐந்தாக உடைஞ்சு கிடக்கும். n = 1 இல இரண்டு பக்கமும் 1 எண்டு காட்டினால் 5. n = p இற்கு உண்மையெண்டு எடுகோள் எழுதினால் 5. அடுத்த உறுப்பைக் கூட்டினால் 5, அதை (p + 1)² ஆக்கினால் 5. கடைசியில, ஆகவே எல்லா நேர் நிறைவெண் n இற்கும் உண்மை எண்டு முடிவுரை எழுதினால் 5. நீ எழுதின ஒரு வரிக்கு 10. விளங்காமல் விட்டதில்லை, எழுதப் பஞ்சிப்பட்டு விட்டது 15. பத்துக் கேள்வியிலும் பத்துப் பத்தாகச் சிந்தினாலே 100 போச்சு, அதாவது அந்தத் தாளின்ரை இறுதிப் புள்ளியில பத்து.

எல்லைக் கணக்கும் அப்பிடித்தான். (1 − cos 4x)/x² இன் எல்லையை x → 0 இல கேட்டால், தலையணைப் புத்தகம் மேலையும் கீழையும் வகையிட்டு 8 எண்டு சொல்லித்தரும். விடை சரிதான். ஆனால் அந்த லோபிதால் விதி உன்ரை பாடத்திட்டத்தில இல்லை. புள்ளியிடும் திட்டத்தில புள்ளி போட்டிருக்கிறது 2 sin² 2x ஆக மாத்திற படிக்கும், sin 2x / 2x ஐ 1 க்குக் கொண்டுபோற படிக்கும்.

இந்தப் புள்ளியிடும் திட்டமும் வினாத்தாளும் பரீட்சைத் திணைக்களத்தின்ரை doenets.lk இல இறக்கலாம். சும்மா கிடைக்கிறதாலதான் வெள்ளவத்தையில ஒருத்தரும் மதிக்கிறேல்லைப் போல.

கொட்டாஞ்சேனையில இருக்கிற உன்ரை ஒண்டுவிட்ட மச்சான் கெட்டிக்காரன். கடந்தகால வினாத்தாள் முழுக்கச் செய்து முடிச்சிட்டன் எண்டு போன கிழமை சொன்னான். பார்த்தால் அலகு வாரியாப் பிரிச்சுக் கட்டின ரியூட். மேல 'உராய்வு' எண்டு கொட்டை எழுத்தில போட்டு, கேள்விக்குக் கீழயே விடையும் அச்சடிச்சிருக்கு. தலைப்பே பாதிக் கணக்கைச் செய்து தந்திடும். முழுத் தாளைக் கலந்து குடுத்தால், இது உராய்வோ, உந்தமோ, சக்திக் காப்போ எண்டு கண்டுபிடிக்கத் தெரியாமல் பெடியன் பத்து நிமிசம் கூரையைப் பார்க்கிறான். அலகைப் படிச்ச கையோட அந்த ரியூட்டைச் செய்யலாம், பிழையில்லை. ஆனால் கடைசி ஐந்து வருசத் தாளைத் தொடவிடாமல் பூட்டி வை. எதில செய்தாலும் இந்த ஐந்தும் அதில வரப்படாது.

அந்த ஐந்தையும் பரீட்சைக்கு முந்தின மாசங்களில, காலமையில, மணி பார்த்துச் செய். வாசிக்கப் பத்து நிமிசம், எழுத மூன்று மணித்தியாலம், கணிப்பான் கிடையாது. எழுதினதை மச்சானிட்டைக் குடு, அவன்ரையை நீ வாங்கு. திட்டத்தை வைச்சுச் சிவப்பு மையால திருத்துங்கோ. சொந்தத் தாளைத் திருத்திறவனுக்குக் கண் தெரியாது. எழுத நினைச்சதையெல்லாம் எழுதினதாக் கண்டு புள்ளி போடுவான்.

கைவிட்டுப் போன ஒவ்வொரு ஐந்து புள்ளிக்கும் பக்கத்தில காரணத்தை எழுது: தெரியேல்லை, தெரிஞ்சும் எழுதேல்லை, நேரம் போதேல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எந்த வர்மாவாலயும் மருந்தில்லை. திட்டத்தைத் திரும்பப் பார்க்கவேணும், திரும்ப எழுதவேணும், அவ்வளவுதான். முதலாவது காரணம் உராய்வில திரும்பத் திரும்ப வந்தால், அப்ப வர்மாவின்ரை முதலாம் பாகத்தில ஆறாம் அத்தியாயத்தைத் திற. அந்த அத்தியாயத்தைப் படிச்சு முடிச்சு, அவரைத் திரும்ப அலுமாரியில வை. அவர் கோவிக்கமாட்டார்.

ஒண்டு சொல்ல மறந்திட்டன். 2019 இல பழைய பாடத்திட்டத்துக்கும் புதுசுக்கும் வேறை வேறை தாள் வந்தது. அதுக்கு முந்தின தாளை எடுத்தால், இப்ப பாடத்திட்டத்தில இருக்கோ எண்டு ஒருக்கா ஒப்பிட்டுப் பார்த்துச் செய்.

இரோடோவை என்ன செய்யிறதெண்டு கேக்கிறாய். உன்னை எடுக்கிறது இசட் புள்ளியால. மற்றவையின்ரை சராசரியில இருந்து நீ எவ்வளவு மேல நிக்கிறாய் எண்டதுதான் அது. ஒருத்தரும் செய்யாத கணக்கை நீயும் செய்யாட்டில் உனக்கு நட்டமில்லை. எல்லாரும் செய்யிற தொகுத்தறிவில 15 ஐ விட்டால்தான் நட்டம். அதுவும் கொழும்பு மாவட்டம். மாவட்டக் கோட்டா 55 வீதமெண்டாலும், உன்னோட மல்லுக்கு நிக்கிறது நாட்டின்ரை பெரிய பள்ளிக்கூடங்கள்.

பரீட்சை முடிஞ்சு, முடிவு வந்து, பல்கலைக்கழகம் கூப்பிட மாசக்கணக்காகும். இரோடோவை அப்ப ஆறுதலாப் படி. அதுவரைக்கும் அவரை என்னட்டைத் தந்து வை. பின்னேரத்தில இஞ்ச எனக்குக் கடலைப் பார்க்கிறதைத் தவிர வேறை வேலையில்லை. பொலித்தீனை நானே உரிக்கிறன்.