வரி போக 75,000 வேண்டும்: மாவு வியாபாரக் கணக்கு

(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தைக் கேள்விகளாகப் பிரித்து, இந்த வாரப் பகுதி முழுவதையும் அவருக்கே தந்திருக்கிறேன்.)

கே: நானும் என் நாத்தனாரும் பார்ட்னர்ஷிப் ஃபர்ம் பதிந்து, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். கடைக்குக் கிலோ 50 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், கிரைண்டர் ஓடும் கரண்ட் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 30 ஆகிறது. மாதம் எவ்வளவு விற்றால் நட்டம் இருக்காது?

ப: கிலோவுக்கு மிஞ்சும் 20 ரூபாய்தான் உங்கள் ஆயுதம். மாவு அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் போகிற செலவுகளை அந்த 20தான் அடைக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும்படி வாடகை 22,000, சம்பளம் 70,000, வேன் வாடகையும் குறைந்தபட்சக் கரண்ட் கட்டணமும் 18,000, கடன் வட்டி 4,000, இயந்திரத் தேய்மானம் 6,000. ஆக மாதம் 1,20,000. இதை 20ஆல் வகுத்தால் 6,000 கிலோ. ரூபாயில் 3,00,000 விற்பனை. நாளுக்கு 200 கிலோ. அதுவரை அரைப்பது வீட்டுக்காரருக்கும் வேலையாட்களுக்கும் பேங்குக்கும். 201வது கிலோவிலிருந்துதான் உங்களுக்கு.

கே: எங்கள் ஃபர்முக்கு வரி 31.2 சதவீதம் என்று ஆடிட்டர் சொல்கிறார். அதைச் சேர்த்தால் இந்த 3,00,000 கூடுமா?

ப: கூடாது. லாபம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் வரியும் பூஜ்யம். 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், சேர்த்து 31.2. அது லாபத்தின் மீது மட்டும்தான். ஆனால் விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபம் என்று ஏற்றுக்கொள்ளும் உத்தேச வரித் திட்டத்தில் நீங்கள் சேர்ந்தால் கதை வேறு. அங்கே ஒரு காசு லாபம் இல்லாத மாதத்துக்கும் வரி விழும், சமநிலை விற்பனையும் மேலே ஏறும். கணக்குப் புத்தகம் எழுதி உண்மையான லாபத்துக்கு வரி கட்டுகிறீர்கள் என்று வைத்தே கீழே சொல்கிறேன்.

கே: வரி போக இருவருக்கும் சேர்த்து மாதம் 75,000 வேண்டும். 75,000த்தோடு 31.2 சதவீதம் சேர்த்து 98,400 லாபத்துக்குக் குறி வைத்தோம். சரியா?

ப: சரியில்லை. வரி 75,000த்தின் மீது விழுவதில்லை. வரிக்கு முந்தைய முழு லாபத்தின் மீது விழுகிறது. 98,400க்கு வரி கட்டிப் பாருங்கள்: 67,699தான் மிஞ்சும். மாதாமாதம் 7,300 குறையும், ஏன் குறைகிறது என்றும் புரியாது.

சதவீதத்தைக் கூட்டக் கூடாது. மிஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும். 100 ரூபாய் லாபத்தில் உங்களுக்கு நிற்பது 68.80. ஆகவே 75,000த்தை 0.688ஆல் வகுங்கள். 1,09,012 வரும். அதோடு 1,20,000 செலவைச் சேர்த்து, விற்பனையில் உங்களுக்கு மிஞ்சும் 40 சதவீதத்தால், அதாவது 0.40ஆல், வகுத்தால் விற்பனை சுமார் 5,72,500. நாளுக்கு ஏறக்குறைய 382 கிலோ.

கே: 382 கிலோவா! எங்களால் 350ஐத் தாண்டுவதே கஷ்டம். வேறு வழி?

ப: வழி உங்கள் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. இப்போது நீங்கள் இருவரும் வரி போன லாபத்தைப் பிரித்துக்கொள்கிறீர்கள். வேலை செய்யும் பங்குதாரருக்கு இவ்வளவு சம்பளம் என்று, அல்லது அதைக் கணக்கிடும் முறையை, பத்திரத்தில் எழுதியிருந்தால் அந்தச் சம்பளம் ஃபர்முக்குச் செலவாகக் கழியும். வரம்பு உண்டு: 2024-25 நிதியாண்டிலிருந்து, ஆண்டின் முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம் வரை, அதற்கு மேற்பட்டதில் 60 சதவீதம் வரை.

சம்பளத்துக்கு வரி உங்கள் தனிக் கணக்கில் வரும். ஆனால் புதிய வரி முறையில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது. உங்கள் பங்கு ஆளுக்கு 4 லட்சத்தைக்கூடத் தொடாது. இப்படிச் செய்தால் 75,000 கையில் நிற்க, சம்பளத்துக்கு முந்தைய லாபம் மாதம் 80,350 போதும். விற்பனை சுமார் 5,01,000, நாளுக்கு 334 கிலோ. ஒரு பத்தி எழுத்து தினமும் 48 கிலோ மாவை மிச்சப்படுத்துகிறது. நாளைக்கே ஆடிட்டரிடம் போங்கள். பத்திரத்தைத் திருத்துமுன் கொடுத்த சம்பளம் கழியாது.

கே: போன மாதம் 6,000 கிலோ சரியாக விற்றோம். நட்டமில்லை என்கிறீர்கள். ஆனால் கல்லாவில் 4,000 ரூபாய் குறைந்ததே?

ப: உங்கள் கணக்கும் சரி, கல்லாவும் சரி. கடன் தவணை மாதம் 14,000. அதில் வட்டி 4,000 மட்டும்தான் செலவு. அசல் 10,000 செலவில் சேராது, ஆனால் பணம் வெளியே போகிறது. தேய்மானம் 6,000 செலவில் சேரும், ஆனால் பணம் போவதில்லை. வித்தியாசம் 4,000.

அசலை வரி போன பணத்திலிருந்துதான் அடைக்க முடியும். கடன் தீரும்வரை குறியை 75,000 என்று வைக்காதீர்கள், 79,000 என்று வையுங்கள். சம்பள வழியில் அதற்கு மாதம் 84,900 லாபமும் சுமார் 5,12,300 விற்பனையும் வேண்டும். நாளுக்கு 342 கிலோ. உங்கள் 350க்குள் அடங்குகிறது.

கே: வரியை மார்ச்சில் மொத்தமாகக் கட்டலாமா?

ப: வேண்டாம். இந்த லாபத்துக்கு ஃபர்மின் ஆண்டு வரி சுமார் 71,000. 10,000ஐத் தொட்டாலே முன்வரி கட்ட வேண்டும்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தவறினால் வட்டி. மாதம் 6,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். உளுந்து விலை இறங்கிவிட்டதென்று அதை எடுத்து மூட்டை வாங்கிவிடாதீர்கள்.

கே: புளித்த மாவைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். நூற்றுக்கு ஐந்துதான். பெரிதா?

ப: கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். 100 கிலோ அரைக்க 3,000 செலவு. 95 கிலோ விற்று வருவது 4,750. மிச்சம் 2,000 இல்லை, 1,750. நூற்றுக்கு ஐந்து ரிட்டர்ன் உங்கள் மிச்சத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்கிறது. அதே 79,000 கையில் வர நாளுக்கு 342 போதாது, 390 கிலோ அரைக்க வேண்டும். பத்திரத்தைத் திருத்தி மிச்சப்படுத்திய 48 கிலோவும் இதிலேயே போய்விடும். 390க்கு இன்னொரு கிரைண்டரும் ஆளும் தேவைப்பட்டால் 1,20,000 என்ற செலவே மாறி, கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

ஒவ்வொரு கடைக்கும் தனிப் பக்கம் போட்டு, கொடுத்த கிலோவையும் திரும்பிய கிலோவையும் ஒரு மாதம் எழுதுங்கள். பெரும்பாலான ரிட்டர்ன் இரண்டு மூன்று கடைகளிலிருந்தே வருகிறது என்று தெரிந்தால், அங்கே முதலில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்தக் கடைகளுக்கு மட்டும் அளவைக் குறைத்து, ஒரு முறை போடுவதை இரண்டு முறையாகப் போடுங்கள்.