பெரியவர் ஓய்வெடுத்துவிட்டார்

பினாங்கு லெபோ பாசாரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், அந்தக் கடையின் பெரியவர் ஓய்வெடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். சொல்பவர் அநேகமாகப் பெரியவரேதான். "நான் இப்பல்லாம் ஒண்ணும் பாக்குறதில்ல தம்பி, எல்லாம் மகன்தான்" என்பார். சொல்லும்போது கல்லாவில் உட்கார்ந்து ஐம்பது வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அஞ்சடியில் லோரிக்காரன் இறக்கும் மல்லி மூட்டைகளை இன்னொரு கண் எண்ணிக்கொண்டிருக்கும்.

மாடியில் கண்ணாடி அறை. அதில் தம்பி. கோலாலம்பூரில் கணக்கியல் படித்தவர். விசிட்டிங் கார்டில் 'டைரக்டர், பிசினஸ் டெவலப்மெண்ட்' என்று இருக்கும். "அப்பா சும்மா பொழுதுபோக்குக்கு வந்து உக்காருவாரு. முடிவெல்லாம் நான்தான். வாட்ஸ்அப்ல பிடிஎஃப் போட்டுடுங்க" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறார்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவில் உள்ள மாடிப்படியில்தான் என் பிழைப்பு. கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் ஓர் ஆபீசில் கொட்டேஷனும் கடிதமும் எழுதுகிறேன்.

இந்த வகைக் கடையில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று அறிய ஆராய்ச்சி வேண்டாம், பணம் கட்டும் நேரத்தில் பக்கத்தில் நின்றால் போதும். வங்கியின் இணையக் கணக்கில் கம்பெனிகளுக்கு இரண்டு படி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தொகையைப் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். பதிபவர் தம்பி. கணினியில் விரல்கள் பறக்கும். ஒப்புதல் கொடுக்கும் கைப்பேசி கீழே கல்லா டிராயரில், ரப்பர் பேண்ட் கட்டிய சில்லறைக்கு அடியில் அணைந்து கிடக்கும். அதை வெளியே எடுத்து, சார்ஜ் ஏற்றி, மூக்குக்கண்ணாடியைத் தேடிப்பிடித்து, "இது யாருக்கு? எதுக்கு? போன மாசந்தான குடுத்தோம்?" என்று மூன்று கேள்வி கேட்டுப் பெரியவர் அமுக்கினால்தான் பணம் நகரும்.

ஆக, கணக்கு இதுதான்: வேண்டாம் என்று சொல்ல ஒருவர் போதும், சரி என்று சொல்ல இருவரும் வேண்டும். இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. இதே வட்டாரத்தில், லெபோ பினாங்கில், வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களின் கம்பெனி விலாசத்தைப் பாருங்கள். இனிஷியல்களைச் சங்கிலியாகக் கோத்து, பாட்டன், அப்பன், பிள்ளை எல்லோரையும் ஒரே பெயர்ப்பலகையில் உட்காரவைத்திருப்பார்கள். பலகைக்குள்ளேயே மூன்று தலைமுறை இருக்கும்போது, கடிதம் மட்டும் ஒருவருக்கு எழுதினால் போதுமா?

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவருக்கு மட்டுமே எழுதினான். கடை, மசாலாவும் பலசரக்கும் மொத்தமாகப் போடும் கடை. நாசி கண்டார் கடைகள் பலவற்றுக்குத் தினமும் சரக்குப் போகும், எல்லாம் கடன். கணக்கு 555 நோட்டில். உள்ளங்கை அளவு, அட்டையில் 555 என்று போட்ட அந்தச் சின்ன நோட்டு மலேசியாவில் கடனுக்கே இன்னொரு பெயர் மாதிரி. வாடிக்கையாளருக்கு ஒன்று வீதம் பெரியவர் அடுக்கி வைத்திருப்பார். ஒரு நோட்டைத் தொட்டுப் பார்த்தே அது எந்தக் கடை, எவ்வளவு பாக்கி என்று சொல்வார்.

அந்தக் கடையின் ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்கு மேல், 50 லட்சத்துக்குள். அந்த அளவுக் கடைகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில்லை வருமான வரி வாரியத்தின் கணினிக்கு அனுப்பி, அது ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது பில். பையன் தம்பியைப் பார்த்தான், தம்பி குஷியாகிவிட்டார். பையன் பெரியவர் பெயருக்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். முதல் வரி: 'உங்கள் மகன் கேட்டுக்கொண்டபடி...' இரண்டாம் பத்தி: 'உங்களுடைய பழைய கைக்கணக்கு முறையிலிருந்து...' மூன்றாம் பத்தியில் சட்டம்: செய்யாவிட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம். கடைசிப் பக்கத்தில் மாதக் கட்டணம், சின்ன எழுத்தில்.

எதிலும் தப்பான தகவல் இல்லை. ஆனால் முதல் வரியைப் படித்ததும், தன் பிள்ளை தனக்குத் தெரியாமல் வெளியாளிடம் எதையோ கேட்டிருக்கிறான் என்று பெரியவருக்குப் பட்டுவிட்டது. இரண்டாம் பத்தி, நாற்பது வருஷமாக அவர் செய்தது தப்பு என்றது. மூன்றாவது மிரட்டியது. ஜப்பான்காரன் போட்ட பணத்தாளைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கடை நடத்தியவரின் பிள்ளை அவர். அபராதத்துக்கா பயப்படுவார்? விலையை அவர் தேடிக்கூடப் பார்க்கவில்லை. பையனுக்குக் கோப்பி வரவழைத்தார். "நல்லா செய்ங்க தம்பி, யோசிச்சுச் சொல்றோம்" என்றார். விலை கேட்காமல் கோப்பி வந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். அதன் பிறகு தம்பியின் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. பாவம், அவரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

மூன்று வாரம் ஆறப்போட்டு நான் திரும்பப் போனேன். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நாளாகவோ, தைப்பூசத்துக்கு முந்திய வாரமாகவோ இல்லாமல் பார்த்துக்கொண்டேன். எழுதுவதற்கு முன்னால் பெரியவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "இதுக்கு முன்ன இந்த மாதிரி எதுவும் வாங்கிருக்கீங்களாய்யா?"

"வாங்காம என்னா. 2015ல ஜிஎஸ்டின்னான். மெஷின் வாங்குனேன், ஆளு வச்சேன். 2018ல இல்லன்னுட்டான். மெஷின் மேல இருக்கு. போய்ப் பாருங்க, பூனை குட்டி போட்டிருக்கு."

எதிர்ப்புக்குக் காரணம் அதுதான். அவருக்குக் கணினி பிடிக்காமல் இல்லை. ஒருமுறை அரசாங்கத்தை நம்பிச் செலவு பண்ணியது மூன்றே வருஷத்தில் பூனைக்குப் போய்விட்டது. இது தம்பிக்குத் தெரியும், ஆனால் தானாகச் சொல்ல மாட்டார். ஏனென்றால் அந்த மெஷினை வாங்கச் சொன்னவர் அவர்தான்.

கடிதம் ஒரே தாள். தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில், அச்செடுத்து நேரில் கொண்டுபோனேன். விளக்கமான அட்டவணைகளைத் தனியாகத் தம்பிக்கு அனுப்பினேன். ஆனால் இரண்டிலும் விலை ஒன்றுதான். அப்பாவுக்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலை என்று எழுதுபவன், அவர்கள் இருவரும் ராத்திரி ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள் என்பதை மறந்தவன். மேலே பெரியவர் பெயர், அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் தம்பி பெயர். நகல் என்று ஓரத்தில் போட்டால் டைரக்டருக்குக் கோபம் வரும்.

முதல் பத்தியில் என்னென்ன மாறாது என்று எழுதினேன். 555 நோட்டு அப்படியே இருக்கும், பாக்கியைப் பெரியவர்தான் பார்ப்பார், பணம் கொடுக்கும் ஒப்புதலும் அவருடையதே. இரண்டாம் பத்தியில் சட்டத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தேன். நாசி கண்டார் கடைக்காரர்கள் தங்கள் செலவுக் கணக்குக்காக இ-இன்வாய்ஸ் கேட்பார்கள், கொடுக்கும் கடைக்குச் சரக்கெடுக்கப் போவார்கள். அவர்களுக்கு பில் தனித்தனியாகப் போக வேண்டும். கல்லாவில் கால் கிலோ சீரகம் வாங்குபவர் இ-இன்வாய்ஸ் கேட்காதவரை, அந்தச் சில்லறையை எல்லாம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் மொத்தமாக ஒரே பில்லாக அனுப்பிவிடலாம். ஒரே பில் 10,000 வெள்ளியைத் தாண்டினால் மட்டும் அதைத் தனியாக அனுப்ப வேண்டும்.

மூன்றாம் பத்தி, பெரியவர் எப்படியும் கேட்கப்போகும் கேள்வி: 'அரசாங்கமே சும்மா குடுக்குதாமே?' ஆமாம், கொடுக்கிறது என்று எழுதினேன். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். தினம் நாலு பில் என்றால் அதுவே போதும், எங்களுக்குப் பணம் தர வேண்டாம். உங்களுக்குத் தினம் அறுபது பில். உட்கார்ந்து தட்ட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் சம்பளம் கேட்பார். கடைசியில் விலை. வருஷத்துக்கு மொத்தமாக 2,400 வெள்ளி, ஒரே எண். மெஷின் கிடையாது. சட்டத்தை நாளைக்கே எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் கட்ட வேண்டாம். பூனையைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் தம்பி தலையைக் குனிய வேண்டியிருக்கும், குனிந்த தலை நமக்காகப் பேசாது. 'மற்ற விவரங்களைச் சின்னவர் விளக்குவார்' என்று முடித்தேன்.

அந்தக் கடைசி வரியைத் தம்பி இரண்டு தடவை படித்தார். அன்று ராத்திரியே விளக்கியிருக்கிறார். நான் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம், அவர் ஒரு மணி நேரம் பேசினாராம்.

இந்த இடத்தில் மூன்றாவது வாசகர் ஒருவர் உண்டு. பழைய 1965ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். பிள்ளை அப்போது பால்புட்டியோடு இருந்ததால், பெரியவர் தன் மனைவியைப் போட்டார். 2016ஆம் வருஷச் சட்டத்தில் ஒருவரே போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் அம்மாவைப் பதவியிறக்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அம்மா கடிதம் எதையும் படிப்பதில்லை. "அந்தப் பையன் யாரு வீட்டுப் புள்ள?" என்று மட்டும் கேட்பார். என் அத்தையும் அவரும் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் ஒரே வரிசையில் விளக்குப் போடுபவர்கள். இதைக் கடிதத்தில் எழுத வழியில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் போனபோது பெரியவர் கேட்டார்: "இந்தக் கடைத்தெருவுல வேற யாரு போட்டிருக்கா?" அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வாங்காதவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சொன்னேன். அடுத்தது: "எவ்வளவு குறைப்பீங்க?"

"அப்பா, அது பிக்ஸட் ப்ரைஸ்" என்றார் தம்பி, வெட்கத்தில் சிவந்து.

"நீ சும்மா இருடா."

இருநூறு குறைத்தேன். அந்த இருநூறு பெரியவருக்குரியது, அதற்கென்றே விலையில் அது இடம் வைத்துக் காத்திருந்தது. மாடியில் தம்பி தொகையைப் பதிந்தார். வெள்ளிக்கிழமை, மணி பத்தரை. பெரியவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், ராகு காலம். பன்னிரண்டு வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை வந்த கோப்பி நிஜக் கோப்பி. பன்னிரண்டு அடித்ததும் டிராயரைத் திறந்து, சில்லறையை ஒதுக்கி, கைப்பேசியை எடுத்து அமுக்கினார்.

அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க பில்லு?"

"ஆபீஸ் போய் அனுப்புறேன்யா."

"இ-இன்வாய்ஸா?"

"அடுத்த வாரத்துக்குள்ள வந்துரும்யா. எங்க சிஸ்டம் இன்னைக்குக் கொஞ்சம்..."

பெரியவர் அடுக்கிலிருந்து புது 555 நோட்டு ஒன்றை உருவி, அட்டையில் எங்கள் கம்பெனி பெயரை எழுதினார்.